கணக்கு டீச்சரின் 31 ஆண்டுகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. மகளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பதில் எழுதத் தாமதமானதற்கு நம்ம கணக்கு டீச்சர்தான் காரணம். அக்கா மே 31-ந் தேதி ஓய்வு பெற்றுவிட்டார். 1994 ஜூனில் சேர்ந்து, 31 கல்வியாண்டுகள் ஒரே பள்ளி.

சால்வை, மாலை, மோதிரம் எல்லாம் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொண்டது. ஓவிய ஆசிரியன் என்பதால் பேனர் என் தலையில் விழுந்தது. அக்காவின் பெரிய படம் ஒன்று, கீழே வாழ்த்து, ஓரத்தில் பூ, அவ்வளவுதான் எதிர்பார்த்தார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருந்த பழைய குழுப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நம் பள்ளியில் பணிமூப்புப்படிதானே நிற்க வைப்பார்கள்? 1995 பிப்ரவரிப் படத்தில் அக்கா பின்வரிசையில், பெஞ்சின் மேல், இடது கோடியில் நிற்கிறார். வருடா வருடம் ஓரிரண்டு இடம் உள்ளே நகர்கிறார். அப்புறம் நடு வரிசை, அப்புறம் நாற்காலி. கடைசிப் படத்தில் தலைமையாசிரியருக்கு அடுத்த நாற்காலி. இதற்கு மேல் நான் என்ன வரைய வேண்டியிருக்கிறது?

அதனால் அக்கா முகத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு ஆண்டிலிருந்தும் அக்காவையும் இரு பக்கத்திலும் நிற்பவர்களையும் சேர்த்து மூன்று பேராக எடுத்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே வருவதுதான் அந்தப் படத்தின் உயிர். 1999-லிருந்து மூன்று ஆண்டுகள் அக்காவுக்கு வலப்பக்கம் நீ நிற்கிறாய், மீசை முளைத்தும் முளைக்காமலும்.

36-க்கு 24 அங்குலம், சன்போர்டில் ஒட்டும் அச்சு. மேலே பெயருக்கு மூன்று அங்குலம் விட்டுவிட்டு, எட்டுக் கட்டம் நான்கு வரிசை. மொத்தம் 32 கட்டம், ஆண்டுகள் 31. மிச்சமிருந்த ஒன்றில் 1994 வருகைப் பதிவேட்டில் அக்கா போட்ட முதல் கையெழுத்தை வைத்தேன்.

படங்களைத் திரட்டியதுதான் பெரும்பாடு. பள்ளியில் 11 இருந்தன. மீதிக்கு ஓய்வு பெற்றவர்கள் வீடு வீடாக அலைந்தேன். பலர் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அச்சில்தான் ஏமாற்றும். கணக்கை நீயே பார். ஒரு கட்டத்தில் மூன்று பேர் என்றால் ஒரு முகம் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், 0.8 என்று வைத்துக்கொள். கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 150 புள்ளியாவது வேண்டும், ஆக ஒரு முகத்துக்கு 120 புள்ளி. பத்து அங்குல அகலமுள்ள குழுப்படத்தில் ஒரு முகம் 0.3 அங்குலம்தான் இருக்கும். அதை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 180 புள்ளி கிடைக்கிறது, தாராளம். 300-இல் செய்தால் 90, போதாது. வாட்ஸ்அப் வழக்கமாக முழுப் படத்தையே 1600 புள்ளி அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. அப்போது முகத்துக்கு 48 புள்ளிதான் மிஞ்சும். கண் எது மூக்கு எது என்றே தெரியாது. அதனால் அனுப்பிய எல்லோரிடமும் திரும்பப் போய் அசல் படத்தையே வாங்கி வந்து ஸ்கேன் செய்தேன்.

தொண்ணூறுகளின் படங்கள் பலவும் மேலே பொடிப்பொடியாக மேடு தட்டியிருக்குமே, அந்தச் சில்க் தாளில் போட்டவை. ஸ்கேனர் விளக்கு அந்த மேடுகளில் பட்டு, முகம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக வந்தது. ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை செய்தேன். இரண்டையும் நேராக்கி, ஒன்றின் மேல் ஒன்றைப் பாதி ஒளிபுகும்படி வைத்தால் போதும். விளக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து படுவதால் மின்னும் இடங்கள் மாறி, பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும், இல்லையென்றால் முகம் மங்கிவிடும்.

ஆண்டு குறிக்காத படங்கள் நான்கு. அட்டையைக் கழற்றி யாரோ சட்டம் போட்டதில் பெயர்களும் ஆண்டும் போய்விட்டன. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கி, யார் எப்போது சேர்ந்தார், எப்போது போனார் என்று குறித்துக்கொண்டேன். ஒன்றைச் சொல்கிறேன். அதில் பாட்டு டீச்சர் இருக்கிறார், அவர் 2001 மே மாதம் ஓய்வு. புது எழுத்தரும் இருக்கிறார், அவர் சேர்ந்தது 1999 நவம்பர். நம் பள்ளியில் படம் எடுப்பது பிளஸ் டூ தேர்வுக்கு முன், பிப்ரவரியில். ஆக 2000 அல்லது 2001. நூலகர் 2001 தொடக்கத்தில் பிரசவ விடுப்பு, படத்திலோ அவர் நிற்கிறார். சரி, 2000 பிப்ரவரிதான். அக்காவின் மூக்குக்கண்ணாடியை வைத்து முதலில் 2004 என்று நினைத்திருந்தேன். ஆளைப் பார்த்து வயதைக் கணிப்பதை அன்றோடு விட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனம் நொந்துபோனேன். அச்சுக் கடையில் என்னைக் கேட்காமலே எல்லா முகத்தையும் வெளுப்பாக்கி வழவழப்பாக்கியிருந்தார்கள். மாதிரிப் பிரதியில் அக்காவின் மாநிறமும் கன்னத்து மருவும் காணாமல் போயிருந்தன. 31 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவரின் முகம் அது, அதை அழிக்க யாருக்கும் உரிமை கிடையாது. என் கோப்பை அப்படியே அச்சிடச் சொல்லி உட்கார்ந்து பார்த்தேன். வெயிலிலும் காலத்திலும் நிறம் மாறிப்போன படங்களில் அந்தச் சாயத்தை மட்டும் நான் குறைத்திருந்தேன், பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் வெள்ளையாகும் வரை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கிடைக்காத ஆண்டுகள் ஏழு. 2020-21-இல் கொரோனாவால் குழுப்படமே எடுக்கவில்லை. மற்ற ஆறுக்கு வேறு படம் வைத்து நிரப்பலாம் என்றார்கள். நான் ஒப்பவில்லை. ஆண்டை மட்டும் போட்டு வெறுமையாக விட்டேன். விழாவன்று அக்கா நெடுநேரம் அதன் முன்னால் நின்றார். இறந்துபோன தமிழய்யா இருந்த கட்டத்தை விரலால் தொட்டுவிட்டு எதுவும் பேசாமல் வந்து உட்கார்ந்தார். மறுவாரம், நம்ம பழைய அலுவலக உதவியாளர் காலிக் கட்டங்களைப் பார்த்திருந்ததால், வீட்டுப் பரணிலிருந்து இரண்டு படம் கொண்டுவந்து கொடுத்தார். அதே அளவில் ஸ்டிக்கராக அச்சிட்டு ஒட்டிவிட்டேன்.

கொரோனா ஆண்டு போக இன்னும் நான்கு காலி. அதில் ஒன்று 2002-03. நீ பள்ளியை விட்டுப் போன கோடைக்கு முன்னால் எடுத்தது, உனக்கும் ஒரு பிரதி கொடுத்ததாக நினைவு. தேடிப் பார். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதே, மேல்தோல் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிரதிபலிப்பு விழாமல் உன் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லிப் படமெடு. ஒட்டவில்லையென்றால் 600-இல் ஸ்கேன் செய். எப்படியானாலும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பு. அக்கா ஜூலை கடைசியில் மகன் வீட்டுக்கு மதுரை போகிறார், அதற்குள் ஒட்டிவிட்டால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உன் ஓவிய வாத்தியார்