ஆடிக்கூழ்க் கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எங்கள் பாடசாலைச் சஞ்சிகையில் “எங்கள் வீட்டு ஆடிப்பிறப்பு” என்ற ஒரு பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. கீழே என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்காக அலைந்தவர்களும் அடுப்படியில் வியர்த்தவர்களும் வேறு பலர். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் தமிழ் ரீச்சருக்கு. சஞ்சிகையை இலங்கையின் தெற்கில் உள்ள ஒரு பாடசாலையோடு பரிமாறிக்கொள்கிறோம். அங்குள்ள மாணவர்கள் தமிழை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள், ஆனால் நீண்ட வாக்கியம் வந்தால் நின்றுவிடுவார்கள். அவர்களுக்காக ஒரு பக்கம் எழுதச் சொன்னார் ரீச்சர். நான் எழுதிக் கொடுத்த ஒரு வாக்கியம் இது: “அம்மம்மா வறுத்து உடைத்துக் கோது நீக்கி வைத்திருந்த பயறு வெந்துகொண்டிருந்த பானைக்குள் மாமி உருட்டிப்போட்ட மா உருண்டைகள் மேலே மிதந்து வந்தன.”

பிழை ஒன்றும் இல்லை என்றார் ரீச்சர். ஆனால் இதைப் படிப்பவர், யார் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள அம்மம்மாவையும் பயற்றையும் பானையையும் மாமியையும் கடைசிச் சொல் வரும்வரை மனதில் தூக்கிக்கொண்டே போக வேண்டும். தமிழ் தெரிந்த நமக்கு அந்தச் சுமை தெரிவதில்லை. இருவருமாக உட்கார்ந்து அதை இப்படி மாற்றினோம்: “பானையில் பயறு வேகிறது. மாமி மாவைச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டுகிறார். ஒவ்வொன்றாகப் பானைக்குள் போடுகிறார். உருண்டைகள் முதலில் அடியில் கிடக்கும். வெந்ததும் மேலே வரும்.”

எல்லாவற்றையும் உடைத்தாயிற்று, “வெந்ததும்” மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டேன். இந்த மட்டத்தில் படிப்பவர்களுக்குப் பந்திக்கு ஒரு புது வடிவமாவது கிடைக்க வேண்டும், எல்லாமே சின்ன வாக்கியமாக இருந்தால் சமையல் குறிப்பு மாதிரி ஆகிவிடும் என்றார். அதனால்தான் கட்டுரையில் பந்திக்கு ஒரு வாக்கியம் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

உணர்ச்சி விஷயத்திலும் ரீச்சர் விடவில்லை. “எல்லோரும் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தோம்” என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டு, “யார்? என்ன செய்தீர்கள்?” என்று எழுதி அனுப்பினார். யோசித்தேன். தம்பி தன் கோப்பையை விட்டுவிட்டு, அடுத்தவர் கோப்பையில் எத்தனை மா உருண்டை விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அதைப் போட்டேன். மகிழ்ச்சி என்ற சொல் கட்டுரையில் எங்குமே இல்லை. (தம்பிக்கு இதில் கொஞ்சம் கோபம். உன்னால்தான் கட்டுரை நன்றாக வந்தது, கோபிக்காதே.)

அடுத்து அம்மம்மா. ஆடிப்பிறப்புக்கு இப்போது அரசு விடுமுறை கிடையாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருந்து, பின்னேரம்தான் அடுப்பை மூட்டினார். சும்மா சமைத்துவிட்டுப் போகாமல், நான் எழுதிக்கொள்ள நேரம் விட்டுவிட்டுச் செய்தார். ஒரு சுண்டு பச்சரிசியை ஊறவைத்து இடித்து அரித்த மா. அரைச் சுண்டு வறுத்த பயறு. ஒரு பெரிய தேங்காய். பயறு முதலில் வெந்தாக வேண்டும், பனங்கட்டி போட்ட பிறகு அது லேசில் வேகாது. உருண்டைகள் போடும்போது தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும், இல்லையென்றால் கரைந்து போகும். மிச்ச மாவை ஆறிய இரண்டாம் பாலில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். சூட்டில் நேரே கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாகக் கட்டி விழும். முதற்பால் கடைசியில்தான், அதுவும் ஊற்றியபின் கொதிக்க விடக்கூடாது, திரைந்துவிடும்.

கூழ் இன்னும் தண்ணீராக இருக்கிறதே என்று நான் சொல்ல, “இறக்கடி பிள்ளை, ஆற ஆற இறுகும்” என்றார் அம்மம்மா. அதை அப்படியே கட்டுரையில் போட்டேன். ரீச்சரும் அதில் கைவைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பனங்கட்டி விற்கும் அம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். குட்டானை வாங்கிக்கொண்டு திரும்பியவளைக் கூப்பிட்டு, “கரைச்சு வடிச்சுப் போடு பிள்ளை, அடியில மண் நிக்கும்” என்று சொன்னவர் அவர். துணியில் வடித்தபோது உண்மையிலேயே ஓலைத் தும்பும் கறுப்பு மண்ணும் தங்கின. கட்டுரையில் அவர் இரண்டு வரி வருகிறார். ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன், தன் வரியைத் தேடி இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார்.

பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் கரண்டி செய்து காட்டிய பெரிய மாமாவுக்கும், அதைப் படம் எடுத்துத் தந்த சின்னம்மாவின் மகளுக்கும் நன்றி. படம் இல்லாமல் அந்த இடத்தை எழுத்தில் விளக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை, விட்டுவிட்டேன்.

விஞ்ஞான ரீச்சர் தந்தது ஒரே ஒரு குறிப்பு, ஆனால் தேவையானது. ஆடி முதலாம் தேதி ஜூலை 16 அல்லது 17இல் வரும், சூரியன் தெற்கே திரும்பும் தட்சிணாயனத்தின் தொடக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். வானத்தில் அந்தத் திருப்பம் ஜூன் 21 அளவிலேயே நடந்துவிடுகிறது. பஞ்சாங்கம் சூரியன் கடக ராசிக்குள் போகும் நாளைப் பிடிப்பதால் நம் நாள் பிந்தி வருகிறது. இரண்டையும் குழப்பாமல் எழுத, “பஞ்சாங்கத்தின்படி” என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்றார். சேர்த்தேன்.

ஆடிப்பிறப்பு என்றதும் எல்லோர் வாயிலும் வரும் “ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை” பாட்டோடு தொடங்கு என்று சொன்ன நண்பிகள் இருவருக்கும் நன்றி, சொன்னதைக் கேட்காததற்கு மன்னிக்கவும். அந்தப் பாட்டோடு தொடங்கினால் அது எல்லா வீட்டு ஆடிப்பிறப்பும் ஆகிவிடும். எனக்கு எங்கள் வீட்டுப் பானைதான் வேண்டியிருந்தது.

கடைசியாக, தெற்கிலிருந்து எனக்குத் தமிழில் பதில் எழுதிய எட்டாம் வகுப்பு மாணவிக்கு. அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: “எங்கள் ஊரில் பனங்கட்டி இல்லை. கித்துள் கருப்பட்டி போடலாமா?” அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். போடலாமாம், மணம் வேறாக இருக்கும், ஆனால் கூழ் கூழாகத்தான் வருமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ருசி பார்க்கச் சொன்னார், மிளகும் சீரகமும் மறக்க வேண்டாமாம். செய்து பார்த்துவிட்டு எழுது தங்கச்சி.