எங்கள் டீக்கடைப் பூனையைக் காப்பாற்றியவருக்கு

பெயர் சொல்லாமல் போய்விட்ட அந்த அண்ணனுக்கு, சிவப்பன் பிழைத்துக்கொண்டான், ரொம்ப நன்றி.

அன்று காலை அவன் கடை ஓரத்து மணலில் உட்காருவதும் முக்குவதும், எழுந்து வேறு இடம் தேடுவதுமாகவே இருந்தான். மலச்சிக்கலாக இருக்கும், எண்ணெய் கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் எங்களில் ஒருவர் சொன்னார். நீங்கள் டம்ளரை வைத்துவிட்டுப் போய் அவன் உட்கார்ந்த மணலைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் காய்ந்திருக்கிறது, ஒரு சொட்டுகூடப் போகவில்லை, இது சிறுநீர் அடைப்பு என்றீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், சளியும் மணல் போன்ற கசடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், ஓரிரு நாள் விட்டாலே உயிருக்கு ஆபத்து, வயிற்றை யாரும் அமுக்காதீர்கள், உள்ளே சிறுநீர்ப் பை கிழிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்ததாம், அது இதயத்தையே நிறுத்திவிடும் என்றார்.

இது திரும்ப வரக்கூடியது என்பதால் வழக்கமாக வருகிற நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். உலர் தீனியைக் குறைத்து ஈரமான உணவு கொடுக்கிறோம், தண்ணீர்க் கிண்ணம் இரண்டு இடத்தில் இருக்கிறது, மணல் நனைந்திருக்கிறதா என்று தினமும் ஒருவர் பார்க்கிறார்.

அப்புறம், நீங்கள் கட்டிய மருத்துவச் செலவை எல்லோரும் பங்கு போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம், அவசியம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா.