ஏடிஏ மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

நுரையீரல் உறையில் நீர் கோத்த நோயாளிக்குச் சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றதும் காசநோய் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவு, அதனால்தான் ஏடிஏ என்ற நொதியை அளக்கிறார்கள். அது லிட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டி, லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களும் மிகுந்திருந்தால் காசநோய்க்கே வாய்ப்பு அதிகம். ஆனால் சீழ் கோத்தாலும், லிம்போமா புற்றுநோயிலும் ஏடிஏ ஏறும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்பதை அது சொல்லவே சொல்லாது.

என் தம்பிக்கு ஏடிஏ 68. கழுத்தில் நெறிக்கட்டியும் இருந்ததால் அதை எடுத்து, முழுவதையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். காசநோயில் காணும் கிரானுலோமா என்ற அணுத்திரள் தெரிந்தது, சரி, ஆனால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடுவதால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்ய வழியில்லை. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம் இன்னொரு கட்டியிலிருந்து பயாப்ஸி எடுத்து, ஒரு துண்டை வெறும் சலைனில் அனுப்பியபோதுதான் ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்கு அடங்காத கிருமி என்று தெரிந்தது, மருந்தை மாற்றினார்கள். சிகிச்சையின்போது கட்டி பெரிதாவது சிலருக்கு இயல்புதான், அதை மட்டும் வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது; அதனால் பயாப்ஸிக்கு முன்பே “ஒரு துண்டு சலைனில் போகிறதா?” என்று கேளுங்கள்.

— ஒரு வாசகர்