கண் எங்கே இருக்கிறது?

கொக்குவில்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதமும் பேத்தி வரைந்த படமும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினோம். இனி நல்லூர்த் திருவிழா தொடங்கினால் வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் குறைவிராது. நீயும் வந்தால் திண்ணையில் இடம் இருக்கிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதே, எனக்கும் அதே வலிதான்.

சரி, படத்துக்கு வருவோம். கதிரையில் இருக்கிற உன்னை வரைந்திருக்கிறாள். பத்து வயதுக்குக் கோடு துணிவாக விழுந்திருக்கிறது, அதைக் கெடுத்துவிடாதே. ஆனால் "அப்பப்பா மாதிரி வரவில்லை" என்று அழுதாள் என்று எழுதியிருந்தாய். அழவேண்டியதில்லை. மூக்கும் மீசையும் உன்னுடையவைதான். கண்களை நெற்றியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள், அவ்வளவுதான். இத்தனை வருசம் சித்திரம் படிப்பித்ததில், முதல் நாளே கண்ணைச் சரியான இடத்தில் வைத்த பிள்ளையைக் காண்பது அரிது. பெரியவர்களும் இப்படித்தான் வைப்பார்கள். முகத்தைப் பார்க்கும்போது நம் கவனம் கண், மூக்கு, வாயிலேயே நிற்கும். நெற்றியிலும் மயிரிலும் பார்க்க ஒன்றுமில்லாததால் அந்தப் பகுதியை மனம் சுருக்கிவிடும். கையும் மனம் சொன்னபடியே வரையும்.

உண்மையில் கண்கள் தலையின் நடுவில் இருக்கின்றன. உச்சந்தலையிலிருந்து நாடி வரைக்கும் அளந்தால் சரி பாதியில். இதை வாயால் சொன்னால் பிள்ளை நம்பாது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கவிடு. பென்சிலை முகத்தோடு நேராகப் பிடித்து, கண்ணிலிருந்து நாடி வரைக்கும் உள்ள நீளத்தைப் பெருவிரலால் குறிக்கச் சொல். பிறகு அதே நீளத்தைக் கண்ணிலிருந்து மேலே வைத்துப் பார்க்கட்டும். உச்சந்தலை கிட்டத்தட்ட அங்கே முடியும். மயிரை அமுக்கிப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். உன்னிடம் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனபடியால் உன் தலையிலேயே அளக்கவிடு.

அதற்குப் பிறகு ஒரு நேர்முகத்தை என்னோடு சேர்ந்து வரைவதுபோல வரையட்டும். சித்திரக் கொப்பியில் 14 சென்ரிமீற்றர் உயரம், 10 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு முட்டை, ஒடுங்கின பக்கம் கீழே. எச்பி பென்சிலை அழுத்தாமல் பிடிக்கவேண்டும், இந்தக் கோடுகள் எல்லாம் பிறகு அழிபடப்போகிறவை. உச்சியிலிருந்து 7 சென்ரிமீற்றரில் குறுக்காக ஒரு கோடு, அதுதான் கண்கோடு. மேலிருந்து கீழாக நடுவில் இன்னொரு கோடு.

கண்கோட்டை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2 சென்ரிமீற்றர். இரண்டாவதிலும் நாலாவதிலும் கண்கள் வரும். நடுவிலே ஒரு கண்ணுக்கு இடம் விட்டிருக்கும், மூக்கின் அடி அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கண்கோட்டுக்கும் நாடிக்கும் நடுவில், அதாவது கண்ணிலிருந்து மூன்றரை சென்ரிமீற்றர் கீழே மூக்கு முடியும். மிச்சமுள்ள மூன்றரையை மூன்றாகப் பிரித்தால் முதல் பங்கு முடிகிற இடத்தில் உதடுகள் சந்திக்கிற கோடு. வாய் சும்மா மூடியிருந்தால் அதன் ஓரங்கள் கருவிழிகளின் உள்விளிம்புக்கு நேர் கீழே வரும். காதுகளைப் பிள்ளைகள் கண்ணுக்கு மேலே ஒட்டிவிடுவார்கள். புருவத்திலிருந்து மூக்கடி வரைக்கும் காது.

மயிரை முட்டைக்கு உள்ளே வரைந்தால் தலை சப்பையாகிவிடும். அது மண்டைக்கு வெளியே ஒரு சென்ரிமீற்றராவது எழும்பி நிற்கவேண்டும். கழுத்தை ஐஸ்பழக் குச்சிபோல நாடிக்குக் கீழே செருகியிருக்கிறாள். அது காதுக்குக் கீழே தாடை திரும்புகிற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் இறங்கவேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் முகம் திடுக்கிட்டுப் போனதுபோலத் தெரிந்தால் கண்ணிமையைப் பார். கருவிழியை முழு வட்டமாகப் போட்டிருப்பாள். சாதாரணமாகப் பார்க்கிறவருடைய மேலிமை கருவிழியின் மேற்பகுதியைக் கொஞ்சம் மறைத்திருக்கும், கீழ்ப்பக்கம் கீழிமையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மேலிமைக் கோட்டை மட்டும் 2பி பென்சிலால் சற்றுக் கறுப்பாக்கினால் போதும், பார்வை வந்துவிடும்.

இந்தக் கணக்கு வளர்ந்த ஆட்களுக்குத்தான் பொருந்தும். அவளுடைய தம்பிக்கு இரண்டு வயதுதானே? அவனை இதே அளவில் வரைந்தால் சின்னக் கிழவன் வந்து நிற்பான். குழந்தைக்கு நெற்றி பெரிது, நாடி சின்னது. அவனுக்குக் கண்கோட்டை நடுவிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் கீழே இறக்கி, மூக்கையும் வாயையும் மிச்ச இடத்துக்குள் நெருக்கி வைக்கவேண்டும். உனக்கு வேறு கணக்கு. பல்லுப் போனால் மூக்குக்கும் நாடிக்கும் இடையிலுள்ள தூரம் குறையும். ஆகவே வரையும்போது கட்டுப்பல்லைப் போட்டுக்கொண்டு இரு, பாதியில் கழற்றினால் பிள்ளை குழம்பிப்போகும்.

இன்னொன்று. முகம் நேராக இருக்கும் மட்டும்தான் கோடுகள் நேராக இருக்கும். குனிந்தால், திரும்பினால் வளையும். அதை விளங்கப்படுத்த ஒரு அவித்த முட்டையில் பேனையால் கண்கோட்டையும் நடுக்கோட்டையும் சுற்றிவரக் கீறிக் கொடு. முட்டையை முன்னுக்குச் சரித்தால் கண்கோடு கீழே தொங்குகிற வளைவாகும், பின்னுக்குச் சரித்தால் மேல்நோக்கி வளையும். பக்கவாட்டில் திருப்பினால் நடுக்கோடு ஓரத்துக்குப் போய், தூரப் பக்கத்துக் கண்ணுக்கு இடம் குறைந்துவிடும். நீ பத்திரிகை வாசிக்கும்போதுதான் வரைந்தாள் என்றால் முட்டை முன்னுக்குச் சரிந்த நிலைதான் அது.

முழு ஆளை வரைய அவசரப்படுத்தாதே, ஆனால் கேட்பாள். தலையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளட்டும். நிற்கிற பெரிய ஆள் ஏழு, ஏழரைத் தலை உயரம். அவளுடைய வயதுப் பிள்ளை ஆறரைத் தலை அளவில் வரும். கால் தொடங்குகிற இடம் பெரியவருக்கு ஏறக்குறைய உடம்பின் பாதி, கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி நடுத்தொடையைத் தொடும். உள்ளங்கையைப் பிள்ளைகள் எப்போதும் சின்னதாக வரைவார்கள். நாடியில் மணிக்கட்டை வைத்துக் கையை முகத்தின்மேல் விரித்துப் பார்க்கச் சொல், விரல்கள் நெற்றிக்கே போகும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு நேரமில்லை என்று உன் மருமகள் சொல்லுவாள். ஒரு முகத்துக்கு அரை மணித்தியாலம் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டால் சரி.

அடுத்த படத்தில் உதவிக்கோடுகளை அழிறப்பரால் அழிக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். எந்த இடத்தில் பிழைத்தது என்பது அந்தக் கோடுகளில்தான் தெரியும். கொப்பியை நிலத்தில் வைத்து நேர் மேலே நின்று படம் எடு. சரிவாக எடுத்தால் முகம் கட்டையாகிவிடும், பிறகு நான் அவளிடம் இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்