வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: முகவரிக் கட்டம் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"சேவுக் கடைக்காரருக்குப் பட்டிக்காட்டு ஆளுங்க வேண்டாமாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது எங்களுக்கும் வந்து சேர்ந்தது. சாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வாங்கித்தான் இந்தக் கடையே நிற்கிறது. எங்களைப் போய் இப்படிச் சொன்னது உறுத்துகிறது. ஆனால் எங்கள் ஆன்லைன் ஆர்டர் படிவம் செய்த கூத்தைப் பார்த்தால், அப்படி நினைத்ததில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

போனில் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்த தம்பி வேலையை விட்டுப் போனதால்தான் படிவம் போட்டோம். அதில் கதவு எண் என்றால் வெறும் எண், தெருப் பெயர் கட்டாயம், போன் என்றால் பத்து இலக்கம். ஒரு பெரியம்மாவின் முகவரி "3/142-ஏ, காளியம்மன் கோவில் எதிரில்". சாய்கோடு போட்டதுமே சிவப்பு எழுத்து வந்துவிட்டது. அவர் ஊரில் தெருவுக்குப் பெயரே கிடையாது. வீட்டில் இருப்பது தரைவழி போன். 04562 சேர்த்தால் பதினோரு இலக்கம். அதையும் தவறான எண் என்று தள்ளிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் முயன்றார். அங்கே போன் எண்ணே எட்டு இலக்கம்தான்! அவரும் விட்டுவிட்டார். வாட்ஸ்அப் செய்தி கிளம்பியது இதிலிருந்துதான் என்று நினைக்கிறோம், கோபமில்லை.

இப்போது முதலில் நாட்டைக் கேட்கிறோம். முகவரிக்கு ஒரே பெரிய கட்டம். கோவில், ரேஷன் கடை என்று எந்த அடையாளத்தையும் எழுதலாம். பின்கோடு இந்திய முகவரிக்கு மட்டும் கட்டாயம், ஏனென்றால் துபாயில் அப்படி ஒன்று கிடையாது. பின்கோடை வைத்து ஊர்ப் பெயரைத் தானாக நிரப்புவதையும் எடுத்துவிட்டோம். ஒரே பின்கோடில் பல ஊர்கள் இருக்கின்றன. படிவம் அஞ்சலகம் இருக்கும் ஊரைப் போட்டுவிடுகிறது, பார்சல் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது.

போன் எண்ணில் இடைவெளி, கோடு, +, முன்னால் பூஜ்யம் எதுவும் இருக்கலாம். நாட்டுக் குறியீட்டோடு உலகில் எந்த எண்ணும் 15 இலக்கத்தைத் தாண்டாது. அதற்கு மேல் போனால்தான் படிவம் தடுக்கும். சந்தேகமாக இருந்தால் "சரிதானா?" என்று கேட்கும், தள்ளாது. ஆர்டர் கொடுப்பவர் எண்ணும் பார்சல் வாங்குபவர் எண்ணும் இனி தனித்தனி. கொரியர் பையன் ஊர் எல்லையில் நின்றுகொண்டு சிங்கப்பூருக்கா போன் போடுவான்?

அப்புறம் எங்கள் பக்கத்துக் கோளாறு ஒன்று. படிவம் எண்ணைச் சரியாக வாங்கியும், எக்செல் அதை எண்ணிக்கை என்று நினைத்து முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தின்றுவிட்டது. பன்னிரண்டு இலக்க எண்கள் 9.2E+11 என்று நின்றன. அந்த நெடுவரிசையை முதலில் டெக்ஸ்டாக மாற்றிவிட்டு, எண்களை மறுபடி ஏற்றிய பிறகுதான் சரியானது.

பார்சலைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கும் வசதி மட்டும் இப்போதைக்கு இல்லை.

மூன்று முறை தள்ளியும் நேரில் வந்து இரண்டு கிலோ வாங்கிப்போன பெரியம்மாவுக்கும், பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் யாருடைய முகவரியாவது தள்ளப்பட்டால், அந்தத் திரையைப் படம் பிடித்துக் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்