பரிந்துரைக் குறிப்பு எழுதும் ஆசிரியர்களுக்கு

வணக்கம். ஒதுங்கியே இருக்கும் பிள்ளையை ஆலோசகரிடம் அனுப்பும்போது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "மனச்சோர்வு, வீட்டில் பிரச்சினை போல" என்று எழுதினால் அது நம் ஊகம். பிள்ளையின் கோப்பில் வருடக்கணக்கில் நிற்கும்.

இப்படி எழுதலாம்: "ஏழாம் வகுப்பு மாணவர். இரண்டாம் பருவம் தொடங்கியதிலிருந்து இடைவேளையில் வகுப்பறையிலேயே இருக்கிறார். முன்பு கணக்கில் தானாகக் கை தூக்குவார்; இப்போது கேட்டால் தலையை மட்டும் அசைக்கிறார். மதிய உணவைத் திறக்காமல் கொண்டுபோவதை இரண்டு முறை பார்த்தேன். விசாரித்தபோது 'தூக்கம் வரலை டீச்சர்' என்றார்." தேதிகளையும், நீங்கள் இதுவரை செய்து பார்த்ததையும் சேருங்கள். பிள்ளை சொன்னதை அவர் வார்த்தையிலேயே கொடுங்கள்.

அனுப்புவதற்கு முன் பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். குறிப்பை ஆலோசகர் கையிலேயே கொடுங்கள். இந்தக் குழுவில் பெயரோ, படமோ, "அந்த சாட்ஸ்வொர்த் பையன்" என்ற அடையாளமோ வேண்டாம். நம் ஊரில் அது போதும், யாரென்று தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் வேறு. அடி, பாலியல் தொல்லை, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தென்னாப்பிரிக்கச் சிறுவர் சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி ஆசிரியர் புகாரளித்தே ஆக வேண்டும். அதற்கு 22ஆம் எண் படிவம். ஆலோசகர் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.