பாடத்துக்கு ஒரு வாரம் முன்னால் எங்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கல்குளம் வட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய். எங்கள் பள்ளியில் வளரிளம் பருவ வகுப்பு நின்றுபோன கதை உங்கள் காதுக்கு வந்திருக்கும்.

காலை ஒன்பது மணிக்கு வாட்ஸாப்பில், ‘இன்று எட்டாம் வகுப்பு மாணவியருக்கு விழிப்புணர்வு வகுப்பு’ என்று ஒரே வரி. பாதித் தாய்மார் அந்நேரம் அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பு வேலையில். போனைப் பார்ப்பதே சாயங்காலம்தான். பையன்களை கிரவுண்டுக்கு விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தி நடத்தினார்கள். மறுநாள் நான்கு அப்பாக்கள் வந்து சத்தம் போட்டார்கள். ஆறுக்கும் ஏழுக்கும் வகுப்பே நடக்கவில்லை.

அடுத்த வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு மூன்றாவது பீரியடில் தீட்டு வந்தது. எங்கேயோ காயம் என்று நினைத்திருக்கிறாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, சோறு உண்ணக்கூட எழும்பாமல், கடைசி மணி அடிக்கும்வரை பெஞ்சிலேயே இருந்தாள். எழும்பியபோது பாவாடையைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத்தான் யாரும் எதுவும் சொல்லவில்லையே. அரசு தந்த நாப்கின் பீரோவில் பத்திரமாக இருந்தது, பூட்டி.

நாங்கள் கேட்பது ஒரு வாரம் முன்னால் ஒரு கடிதம். யார் பாடம் எடுக்கிறார், என்ன சொல்லித் தருவார் என்று அதில் வெளிப்படையாக இருக்கட்டும். ‘உடலில் வரும் மாற்றம், மாதவிலக்கு, நாப்கினை நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றுவது, பையன்களுக்குக் குரல் உடைவது, வியர்வை, குளியல். படங்களைப் பெற்றோர் முன்கூட்டியே வந்து பார்க்கலாம்.’ இவ்வளவு எழுதியிருந்தால் அந்த நான்கு பேரில் மூன்று பேர் வந்திருக்க மாட்டார்கள். விழிப்புணர்வு என்று மூடி எழுதினால் அவரவர் மனதுக்குத் தோன்றியதைத்தான் நினைப்பார்கள்.

படங்களைக் காட்டும் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வைக்காதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் வையுங்கள். கூலி போகாமல் வருவோம். சைக்கிள் ஷெட் திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்பே நோட்டீஸ் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையா?

சரி, கோபம் வேண்டாம். பாடத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கேள்விச் சீட்டை எல்லாப் பிள்ளைகளும் பெட்டியில் போட வேண்டும், கேள்வி இல்லாதவர் வெறும் தாளையாவது. கேட்டவர் மட்டும் எழும்பிப் போனால் யார் கேட்டது என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். துணி வைப்பவர்கள் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். ஆனால் இங்கே ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெட்கப்பட்டுக் கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துப் போட்டு, ஈரம் போகாமலே எடுத்து வைக்கிற பிள்ளைகள் உண்டு. அதில் புண்ணும் அரிப்பும் வரும். முழுக்கக் காயாததை வைக்கக்கூடாது, மழைக்காலத்துக்கு இரண்டு துணி கூடுதலாக வேண்டும் என்று ஆசிரியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பையன்களுக்கும் அதே நாளில் வகுப்பு எடுங்கள். எங்களுக்கு ஒரு வாரம் முன்னால் கடிதம் அனுப்புங்கள். அதுவரைக்கும் தயவுசெய்து அந்த பீரோ சாவியை ஒரு ஆசிரியை கையில் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா